பழைய கைச்சிட்டையில் தமிழ் எண்களும் பின்னக் குறிகளும்: அப்படியே வைப்பதா, மாற்றி எழுதுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய கைச்சிட்டை கிடைத்தது. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். அதைக் கணினியில் எழுதிவைக்கும்போது அவற்றை அப்படியே விடுவதா, 1, 2, 3 என்று மாற்றுவதா?

இரண்டையும் செய்யுங்கள், ஆனால் ஒரே வரியில் செய்யாதீர்கள். முதல் வரியில் சிட்டையில் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். அதற்குக் கீழே, "வாசிப்பு" என்று பெயரிட்டு, இன்றைய எண்களில் உங்கள் விளக்கத்தை எழுதுங்கள். முதல் வரி சிட்டை எழுதியவருடையது. இரண்டாவது வரி உங்களுடையது. அதில் பிழை இருந்தால் நாளை வேறொருவர் முதல் வரியைப் பார்த்துத் திருத்துவார்.

எண்ணை மாற்றுவது எழுத்து வடிவத்தை மட்டும் மாற்றுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ௨௩௫ என்பதை 235 ஆக்குவது அப்படிப்பட்ட வேலைதான். ஆனால் ஒரு பின்னக் குறியை "25 சதம்" என்று எழுதும்போது, அந்தக் குறி கால், அது நிற்பது ரூபாவின் பின்னால், அந்த ரூபாவுக்கு நூறு சதம் என்று மூன்று முடிவுகளை ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறீர்கள். அவற்றில் ஒன்று தவறினாலும் தொகை தவறும். மூலத்தை அழித்துவிட்டு மாற்றியிருந்தால், எந்த முடிவு தவறியது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

சிட்டையின் தலையில் "உ" என்று இருக்கிறது. அது இரண்டா? சிட்டை இலக்கமா?

பெரும்பாலும் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே "சிவமயம்" என்றோ வேறு தெய்வப் பெயரோ இருந்தால் ஐயமே வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிலும் கடைகளிலும் கடிதமோ கணக்கோ அந்த உகரமின்றித் தொடங்குவது அரிது. அதை "௨" என்று எழுதாமல் "உ" என்ற எழுத்தாகவே பதியுங்கள். வாசிப்பு வரியில் "பிள்ளையார் சுழி" என்று குறித்தால் போதும்.

எண்ணும் எழுத்தும் ஒரே உருவில் நிற்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ௧ என்பது ககரம் போலவும், ௫ என்பது ரு போலவும், ௮ என்பது அகரம் போலவும், ௯ என்பது கூ போலவும் தெரியும். இவற்றில் அதிகம் இடறவைப்பது ஐந்து. "ரூபா" என்பதைச் சுருக்கி எழுதும்போது சிலர் கையில் ரூ என்பதன் நெடில் வால் தேய்ந்து ரு ஆகிவிடும். "ரு ௩" என்று இருந்தால் அது 3 ரூபாவா, 53ஆ? தொகைக்கு முன்னால், சற்று இடைவெளி விட்டு, ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது ரூபா. ஒரு வரியில் மட்டும் வந்தால் அது ஐந்தாக இருக்கலாம். உருவத்தை உற்றுப் பார்ப்பதைவிட நிற்கும் இடத்தைப் பார்ப்பதே உதவும்.

௰௨ என்பது 102 தானே? ௰ பத்து, ௨ இரண்டு.

இல்லை, அது 12. பழைய முறையில் எண்ணுக்குத் தானம் கிடையாது. ௰, ௱, ௲ ஆகியவை பத்து, நூறு, ஆயிரம் என்று வாய்விட்டுச் சொல்வதைப் போலவே எழுதப்பட்டன. ௰-க்குப் பின்னால் வருவதைக் கூட்ட வேண்டும், முன்னால் வருவதால் பெருக்க வேண்டும். ஆகவே ௰௨ என்பது பத்தும் இரண்டும், அதாவது 12. ௨௰ என்பது இரண்டு பத்து, 20. ௨௱௫௰ என்பது 250. அதில் பூச்சியம் இல்லை, தேவையும் இல்லை. 205 வேண்டுமானால் ௨௱௫ என்று எழுதிவிடுவார்கள்.

பிற்காலச் சிட்டைகளில் இன்றைய முறைப்படி ௨௫௦ என்றும் எழுதியிருப்பார்கள். அந்த வேறுபாட்டை முதல் வரியில் காப்பாற்றுங்கள். ௨௱௫௰ என்று இருப்பதை ௨௫௦ என்று "திருத்தினால்" எண்ணின் மதிப்பு மாறாது, ஆனால் எழுதியவர் எந்த முறையில் கணக்குப் படித்தவர் என்ற தடயம் போய்விடும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் கருவியில் இதைக் கொடுத்தால் ௰௨ என்பது 102 ஆகவும் ௨௰ என்பது 210 ஆகவும் வந்து நிற்கும். ௰, ௱, ௲ ஆகியவை இருக்கும் எண்களைக் கையால் மாற்றுவதே பாதுகாப்பு.

எண்கள் ஒருவாறு புரிகின்றன. பின்னக் குறிகள்தான் ஒன்றும் விளங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கால், அரை, முக்கால் ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள். வீட்டுச் சிட்டைகளில் முதலில் தேட வேண்டியவை இவைதாம். காலுக்கான குறி வகரத்தை ஒத்திருக்கும். ஔவையார் பாடியதாக வழங்கும் "எட்டேகால் லட்சணமே" என்ற தனிப்பாடலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். எட்டு என்பது அ, கால் என்பது வ, இரண்டும் சேர்ந்தால் "அவலட்சணமே" என்று வசை வருகிறது. அந்த வகரம்தான் உங்கள் சிட்டையிலும் இருக்கிறது. முழு எண்ணோடு ஒட்டி வந்தால் அது கால்: ௮வ என்பது எட்டேகால். வரியின் தொடக்கத்தில் தனியாக நின்றால் அது "வரவு" என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம்.

அதற்குக் கீழே இரண்டு வரிசைகள் இருக்கின்றன. ஒன்று பாதி பாதியாக இறங்குவது: கால், அரைக்கால், வீசம். அதாவது 1/4, 1/8, 1/16. மற்றது இருபதில் தொடங்குவது: மா 1/20, காணி 1/80. இந்த இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடம் அழகானது. ஒரு மாவும் ஒரு காணியும் கூட்டினால் 4/80 + 1/80 = 5/80, அதுவே 1/16. அதனால்தான் வீசத்துக்கு மாகாணி என்ற பெயரும் உண்டு. இரண்டு வரிசைகளுக்கும் பொதுவான அடிப்படை முந்திரி, 1/320. பதினாறை இருபதால் பெருக்கினால் வருவது அது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1/16, 1/20 ஆகிய இரண்டும் நெருங்கிய அளவுகள். மங்கிய மையில் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிட்டு, தொகை "ஏறத்தாழச் சரி" என்று விட்டுவிடுவது எளிது. குறி எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், முதல் வரியில் [வீசம்?] என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

வீசம் என்றால் எத்தனை சதம்?

1872 ஜனவரி முதல் இலங்கையில் ரூபாவுக்கு 100 சதம். அந்தக் கணக்கில் கால் ரூபா 25 சதம், அரைக்கால் ரூபா 12½ சதம், வீசம் 6¼ சதம். கால், அரை, முக்கால் ஆகியவை சதத்தோடு இசைந்து போகின்றன. வீசம் இசையவில்லை. ஆகவே ரூபாவின் பின்னால் வீசக் குறியைக் கண்டால் உடனே சதமாக்காமல் கொஞ்சம் நிறுத்துங்கள்.

இந்தியாவில் 1957 ஏப்ரல் வரை ரூபாவுக்கு 16 அணா. அங்கே ரூபாவில் வீசம் என்பது சரியாக ஓர் அணா. நாகப்பட்டினத்திலோ மதுரையிலோ எழுதப்பட்ட சிட்டை யாழ்ப்பாணத்துப் பெட்டியில் கிடப்பது ஒன்றும் வியப்பில்லை. புடவைக்கும் நகைக்கும் படிப்புக்கும் கோயில் வேலைக்கும் கடல் கடந்து போய்வந்த ஊர் இது. எனவே கிடைத்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், எழுதிய இடத்தைத் தேடுங்கள். கடைப் பெயர், ஊர்ப் பெயர், முத்திரை, பண்டத்தின் அளவை ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். றாத்தல், அந்தர் என்று இருந்தால் இலங்கைக் கை. சேர், மணங்கு என்று இருந்தால் அக்கரையை நினைக்கலாம்.

இன்னொன்று: அந்த வீசம் காசோடு சேர்ந்தது என்றும் கட்டாயமில்லை. அது நிறையின் பின்னமாகவோ நிலத்தின் பின்னமாகவோ இருக்கலாம். ஒரு றாத்தலில் வீசம் ஓர் அவுன்ஸ். எந்த அலகின் பின்னால் நிற்கிறது என்று தெரியாமல் பின்னத்துக்கு மதிப்பே கிடையாது.

ஒரு முழுச் சிட்டையை எடுத்துச் செய்து காட்டுவீர்களா?

விளக்கத்துக்காக ஒரு சிட்டையை அமைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வேய்ச்சல் வேலை, கிடுகும் பனஞ்சிலாகையும் கூலியும். பின்னக் குறிகளைப் பல கைபேசிகள் வெறும் கட்டமாகக் காட்டும் என்பதால், இங்கே அவற்றைச் சதுர அடைப்புக்குள் பெயராக எழுதுகிறேன்.

உ
சிவமயம்
விகாரி ௵ ஆவணி ௴ ௰௨ ௳
கிடுகு ௨௱௫௰, நூற்றுக்கு ௹ ௧[அரை] வீதம் ௹ ௩[முக்கால்]
பனஞ்சிலாகை ௰௨, ஒன்று ௹ [கால்] வீதம் ௹ ௩
கூலி ஆள் ௫, ஆளுக்கு ௹ [அரை] வீதம் ௹ ௨[அரை]
ஆக ௹ ௯[கால்]
௷ ௹ ௫
நிலுவை ௹ ௪[கால்]

இங்கே ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபா, ௷ வரவு.

மாற்றத் தொடங்குவதற்கு முன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். சிட்டை தன்னைத் தானே சரிபார்க்கும் ஆவணம். கிடுகு 250, நூற்றுக்கு 1½ ரூபா. இரண்டரை நூறு என்பதால் 2½ × 1½ = 3¾. வரியின் இறுதியில் [முக்கால்] என்று வாசித்தது சரி என்று இப்போது தெரிகிறது. சிலாகை 12, ஒன்று கால் ரூபா, மொத்தம் 3. இதே இடத்தில் ௰௨ என்பதை 102 என்று வாசித்திருந்தால் 25½ ரூபா வந்திருக்க வேண்டும். வரியில் ௩ மட்டும் நிற்பதால் அந்த வாசிப்பு விழுந்துவிடுகிறது. கூலி 5 × ½ = 2½. மூன்றையும் கூட்டினால் 3¾ + 3 + 2½ = 9¼. ஐந்து ரூபா கொடுத்தாயிற்று, மீதி 4¼. எல்லா வரியும் பொருந்துகிறது.

இனி ஒரு வரியை மங்கவைத்துப் பார்ப்போம். கூலி வரியில் "ஆளுக்கு" என்பதற்குப் பின்னால் மை கரைந்து, குறியின் ஒரு கோடு மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். கால் என்றால் தொகை 1¼ வரும், முக்கால் என்றால் 3¾ வரும். வரியின் இறுதியில் ௨[அரை] தெளிவாக இருப்பதால் கரைந்தது அரைதான். இப்படி மீட்ட குறியை முதல் வரியில் சும்மா எழுதிவிடக் கூடாது. "[அரை: கணக்கால் மீட்டது]" என்று எழுத வேண்டும். கண்ணால் கண்டதும் கணக்கால் கண்டதும் ஒன்றல்ல.

வாசிப்பு வரியில் நான் "3¾ ரூபா" என்றே எழுதுவேன், "3 ரூபா 75 சதம்" என்று எழுத மாட்டேன். இந்தச் சிட்டையில் சதம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் ரூபாவைக் காலும் அரையுமாகவே எண்ணியிருக்கிறார். அடுத்த கேள்வியில் இதற்கு இன்னும் வலுவான காரணம் வருகிறது.

"விகாரி ஆவணி 12" என்பதை ஆங்கிலத் தேதியாக மாற்றலாமா?

உறுதியான ஆதாரம் கிடைக்கும் வரை மாற்ற வேண்டாம். விகாரி அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது: 1839, 1899, 1959, 2019. சிட்டையின் எந்த மூலையிலாவது "சதம்" என்று இருந்தால் 1839 தள்ளுபடி. மேலே உள்ள சிட்டையில் அப்படி ஒன்றும் இல்லை. ரூபா என்று இருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் 1872-க்கு முன்பே இந்திய ரூபா இங்கே புழங்கியது. ஆக, "75 சதம்" என்று மாற்றி எழுதினால், சிட்டை 1872-க்குப் பிற்பட்டது என்ற முடிவை ஒருவருக்கும் தெரியாமல் ஆவணத்துக்குள் நுழைத்துவிடுகிறீர்கள். பிறகு வருபவர் உங்கள் சதத்தையே சான்றாகக் காட்டி ஆண்டைக் கணிப்பார். இது நடக்கக்கூடிய சுற்று, மிகவும் கெட்ட சுற்று.

அதே கட்டில் இருக்கும் மற்றச் சிட்டைகளையும், பெயர் சொல்லப்பட்டவர் பிறந்த, இறந்த ஆண்டுகளையும் வைத்து 1899 என்று முடிவானால், வாசிப்பு வரியில் "1899 ஆகஸ்ட் பிற்பகுதி" என்று எழுதுங்கள். துல்லியமான தேதி வேண்டுமென்றால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாக்கியமும் திருக்கணிதமும் இரண்டும் வழக்கில் உள்ளன. மாதப் பிறப்பு ஒரு நாள் முன்பின் போகலாம்.

கூட்டிப் பார்த்தேன். தொகை பொருந்தவில்லை. கடைக்காரர் பிழையா, என் வாசிப்புப் பிழையா?

முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள், அதுவே வழிகாட்டும். கால் அல்லது அரை வித்தியாசம் என்றால் ஒரு பின்னக் குறி மாறியிருக்கிறது. பெரிய வித்தியாசம் என்றால் ௰ இடம் மாறியோ, ரூபாச் சுருக்கம் ஐந்தாகியோ இருக்கும். 1/80, 3/80 போன்ற சிறு வித்தியாசம் என்றால் வீசமும் மாவும் குழம்பியிருக்கின்றன: 1/16-க்கும் 1/20-க்கும் இடைவெளி சரியாக 1/80.

இன்னொரு பொறி, இலங்கையில் ரூபாவையும் சதத்தையும் சரிவுக் கோட்டால் பிரித்து எழுதும் பழக்கம். "3/75" என்பது மூன்றின் கீழ் எழுபத்தைந்து என்ற பின்னம் அல்ல, 3 ரூபா 75 சதம். தமிழ் எண்ணில் ௩/௭௫ என்று இருந்தாலும் அப்படித்தான்.

எல்லாம் பார்த்தும் பொருந்தவில்லை என்றால், எழுதியவர் கூட்டலில் தவறியிருக்கலாம், அல்லது சொல்லாமல் கொஞ்சம் தள்ளிக் கொடுத்திருக்கலாம். திருத்த வேண்டாம். "சிட்டையில் 9¼, கூட்டினால் 9½" என்று இரண்டையும் எழுதுங்கள்.

பின்னக் குறிகளை உண்மையான எழுத்தாகவே தட்டெழுத முடியாதா? அடைப்புக்குறி அழகாக இல்லை.

முடியும். 2019-இல் வெளிவந்த ஒருங்குறி 12.0-இல் அவை சேர்க்கப்பட்டன. கால் U+11FD0, முக்கால் U+11FD3, மா U+11FC8. அரைக்கு U+11FD1, U+11FD2 என்று இரு வடிவங்கள், வீசத்துக்கு U+11FC9, U+11FCA என்று இரு வடிவங்கள். இரண்டில் எது உங்கள் சிட்டையில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். Noto Sans Tamil Supplement எழுத்துருவை நிறுவினால் உங்கள் கணினியில் தெரியும்.

உங்கள் உறவினரின் கைபேசியில் தெரியாமல் போகலாம் என்பதுதான் சிக்கல். கட்டங்களைப் பார்ப்பவருக்குக் காலும் முக்காலும் ஒன்றே. ஆகவே எழுத்தையும் போட்டு, அருகே [கால்] என்று பெயரையும் விடுங்கள். வகரத்தைத் தட்டிக் காலாகவும், உகரத்தைத் தட்டி இரண்டாகவும் மட்டும் காட்டாதீர்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடும்போது அகப்படாது.

அட்டவணையில் போட்டுக் கூட்ட வேண்டும். அங்கேயும் தமிழ் எண்ணா?

வேண்டாம். அங்கே தனி நிரலில் 3.75 என்று போடுங்கள். அது உங்கள் கணிப்பு நிரல், மூலம் வேறு நிரலில் இருக்கிறது. வீசம் 0.0625, மா 0.05, காணி 0.0125 என்று முழுமையாக எழுதுங்கள். இரண்டு தானத்தோடு நிறுத்தினால் வீசம் 0.06 ஆகி, பதினாறு வீசம் சேர்ந்தாலும் ஒன்று வராது.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பத்தான் கேட்கிறேன். அவர்களுக்கு மூலம் எதற்கு?

படிப்பதற்கு வாசிப்பு வரி போதும். அதில் இன்றைய எண்களையே எழுதுங்கள், தயங்க வேண்டாம். கூடவே சிட்டையின் படத்தை அனுப்புங்கள். படத்தில் வகரத்தைக் கண்டுபிடித்து இது கால் என்று சொல்லப் பத்து வயதுப் பிள்ளைக்கும் முடியும்.

சிட்டையைக் காணி வழக்கில் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்போது மாற்றும் பொறுப்பு உங்களுடையது அல்ல. மூலத்தை ஒரு கோடும் போடாமல் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும். உங்கள் வாசிப்பைத் தனித் தாளில் அவருக்குக் கொடுக்கலாம். பின்னக் குறிகளை அவர் பார்த்துப் பழகாதவராக இருந்தால் அது அவருக்குப் பெரிய உதவி. பரப்பு, குழி ஆகிய நில அளவுகளின் பின்னால் வரும் பின்னத்தை ஏக்கராகவோ பேர்ச்சாகவோ நீங்களாக மாற்றிவிடாதீர்கள். நெற்காணிப் பரப்பும் வரகுக்காணிப் பரப்பும் ஒரே அளவல்ல. சிட்டையில் எது என்று எழுதாமல் இருந்தால், உறுதியைப் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும்.

மங்கிய குறியின்மேல் பேனாவால் மெல்ல எழுதித் தெளிவாக்கலாமா?

கூடாது. நீங்கள் எழுதிய கோடு அதன்பின் மூலத்தின் கோடாகிவிடும். ஜன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி படம் எடுங்கள். எழுத்தாணி போலக் கூரிய பேனா முனை தாளில் பதித்த தடம் நிழலாகத் தெரியும். தாளைத் திருப்பி முதுகையும் ஒரு படம் எடுங்கள். மை ஊறிய பக்கத்தில் சில வேளை குறி இன்னும் தெளிவாக இருக்கும், இடவலம் மாறி.